கிறீன் ரீ: குடிப்பதும் விழுங்குவதும்

"வணக்கம் டொக்டர். எனக்கு 46 வயது, கோண்டாவில். ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் உடம்பு மெலிய என்று கிறீன் ரீ கப்சூல் போத்தல் ஒன்று தந்துவிட்டுப் போனா. ஒரு கப்சூலில் 500 மில்லிகிராம் சாறு, அதில் ஈஜிசிஜி 45 வீதம் என்று போட்டிருக்கு. நாளுக்கு இரண்டு என்றுதான் எழுதியிருக்கு, நான் கெதியாக மெலியட்டும் என்று காலையில் நாலாகப் போடுகிறேன். தொடங்கி இரண்டு மாதம். கொலஸ்ரோலுக்கு அற்றோவாஸ்ரற்றினும் எடுக்கிறேன். நல்லூர்க் கொடியேறியதில் இருந்து ஒருநேரச் சாப்பாடு. ஒரு கிழமையாகச் சோற்றைக் கண்டாலே ஓங்காளம், ஒரே களைப்பு. விரதத்தால் என்று நினைக்கிறேன். இவர் எதையோ வாசித்துவிட்டு, நான் வருடக்கணக்காகக் குடிக்கும் கிறீன் ரீயையும் நிறுத்து என்று நிற்கிறார். ரீயே கூடாதா?"

தங்கச்சி, ரீயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கப்சூலை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டாகக் குறைப்பது, ஒன்றைவிட்டு ஒருநாள் போடுவது எல்லாம் வேண்டாம். நாளைக் காலையில் போய் ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். பரிசோதனைச் சீட்டில் ஏஎல்ரி, பிலிரூபின், ஐஎன்ஆர் மூன்றும் இருக்க வேண்டும். ஏஎல்ரி என்பது ஈரல் நொந்தால் இரத்தத்தில் ஏறும் நொதியம், பிலிரூபின் கண்ணை மஞ்சளாக்கும் பொருள். ஏஎல்ரியைப் பழைய ஆட்கள் எஸ்ஜிபிரி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இதற்கு வெறுவயிற்றோடு போகத் தேவையில்லை. போத்தலை எறிந்துவிடாமல் லேபலோடு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உங்கள் வருத்தத்தைக் கண்டுபிடிக்க அந்த லேபல் அவருக்கு நிறைய உதவும்.

கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தாலோ, சலம் சாயம் கூடிய பிளேன்ரீ மாதிரிப் போனாலோ, உடம்பெல்லாம் கடித்தாலோ, நித்திரைத் தூக்கமாக இருந்து பேச்சுத் தடுமாறினாலோ, நாளைக் காலை வரை இருக்காதீர்கள். நேரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

உங்கள் ஓங்காளம் விரதத்தால் வந்ததாகவும் இருக்கலாம். பகல் வரை வெறுவயிறு, ஆவணி வெயில், கோயில் வீதியில் நிற்பது என்றால் யாருக்கும் களைக்கும். ஆனால் விரதக் களைப்பு சாப்பிட்டதும் போய்விடும். சோற்றைக் கண்டதும் வெறுப்பு வருவது வேறு விஷயம். ஈரல் அழற்சியின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான், கண் மஞ்சளாவது அதற்குப் பிறகு. கப்சூலால் வரும் ஈரல் பாதிப்பு அநேகமாக ஒன்றில் இருந்து ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும், நீங்கள் இப்போது அந்தக் காலத்துக்குள் நிற்கிறீர்கள். அதனால் யோசித்துக்கொண்டு இருப்பதைவிட இரத்தம் கொடுப்பது நல்லது.

முடிவு வந்தால் எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏஎல்ரியின் மேல் எல்லை ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும், ஏறத்தாழ 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருந்தால் விரதத்தில் பழியைப் போடலாம். 120க்குள் நின்று பிலிரூபினும் சரியாக இருந்தால், கப்சூல் இல்லாமல் ஒன்றிரண்டு கிழமை விட்டுத் திரும்பச் சோதிக்க இறங்கியிருக்கும். அதற்கு மேலே போய், இந்த ஓங்காளமும் களைப்பும் நிற்காவிட்டால் அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஏஎல்ரியோடு பிலிரூபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால் வாட்டில் படுக்க வேண்டிய கட்டம். மருந்தோ மூலிகையோ ஈரல் கலங்களை அடித்து, அதனால் செங்கமாரியும் வந்தால், பத்துப் பேரில் ஒருவர் அளவில் இறக்கவோ ஈரல் மாற்றுச் சிகிச்சை வரை போகவோ இடமுண்டு என்பது ஈரல் வைத்தியர்கள் வெகுகாலமாகக் கையாளும் கணக்கு. மற்ற ஒன்பது பேரில் பெரும்பாலானோர் மருந்தை விட்டதும் தேறிவிடுவார்கள். ஐஎன்ஆரைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம், இரத்தம் உறையத் தேவையான புரதங்களை ஈரல் இன்னும் செய்கிறதா என்பதை அது காட்டும். ஏஎல்ரி ஆயிரத்தைத் தாண்டியும் ஐஎன்ஆர் அசையாமல் இருந்தால் எனக்கு அவ்வளவு பயமில்லை. ஐஎன்ஆர் ஏறத் தொடங்கினால்தான் பயம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கப்சூலும் கோப்பையும் ஒரே செடியில் இருந்துதான் வருகின்றன. வித்தியாசம் அளவிலும், அது உள்ளே போகும் விதத்திலும் இருக்கிறது. ஈஜிசிஜி என்பது தேயிலையில் உள்ள கற்றெக்கின் வகைகளில் பெரும்பங்கு வகிக்கும் ஒன்று. கிறீன் ரீயின் நன்மை என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் இதன் பெயரில்தான், ஈரலில் சந்தேகம் விழுவதும் இதன்மேல்தான்.

உங்கள் கப்சூலில் 500இல் 45 வீதம் என்றால் 225 மில்லிகிராம். நாலு போட்டால் 900. ஒரு கோப்பை கிறீன் ரீயில் ஊறும் ஈஜிசிஜி ஏறத்தாழ 50 தொடக்கம் 100 மில்லிகிராம் வரை. இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் ஊறியது என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். அப்படிப் பார்த்தால் காலையில் ஒரே விழுங்கில் ஒன்பது தொடக்கம் பதினெட்டுக் கோப்பை வரை குடித்திருக்கிறீர்கள். கோப்பையாக அவ்வளவையும் யாரும் குடிக்க முடியாது, கசப்பும் வயிறும் விடாது. கப்சூலில் நாக்கும் வயிறும் போடும் அந்தத் தடை இல்லை.

அடுத்தது வெறுவயிறு. ஈஜிசிஜி சாதாரணமாகக் குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படாது, சாப்பாட்டோடு போனால் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். அந்த வீண்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. ஆட்களுக்கு ஒரே அளவைச் சாப்பாட்டோடும் வெறுவயிற்றிலும் கொடுத்துப் பார்த்ததில், வெறுவயிற்றில் இரத்தத்தில் ஏறிய ஈஜிசிஜி மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. நாய்களில் செய்த பரிசோதனைகளில், தீன் தின்ற நாய்கள் தாங்கிய அளவைப் பட்டினி கிடந்த நாய்கள் தாங்கவில்லை. நீங்கள் காலையில் தண்ணீரோடு கப்சூலைப் போட்டுவிட்டு மத்தியானப் பூசை முடிந்து வந்துதான் இலையில் இருந்திருக்கிறீர்கள். இதில் விரதத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரதமும் இந்தக் கப்சூலும் ஒன்றாகப் போகாது, அவ்வளவுதான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

900 என்பது பெரிய அளவா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் இதை ஆராய்ந்து, துணைக்குளிசையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தவர்களில் ஈரல் நொதியங்கள் குறிப்பிடத்தக்க அளவு ஏறியதைக் கண்டது. வழக்கமாக ஊறவைத்துக் குடிக்கும் ரீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே வைத்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற ஆயிரத்துச் சொச்சம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நாளுக்கு 843 மில்லிகிராம் ஈஜிசிஜி உள்ள சாற்றையும் மறுபகுதிக்குச் சாறு இல்லாத வெறும் கப்சூலையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஈரல் நொதியங்கள் கவனிக்க வேண்டிய அளவு ஏறின. வெறும் கப்சூல்காரரில் அது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஐந்து வீதமும் செங்கமாரி இல்லை, இரத்தத்தில் மட்டும் தெரியும் ஏற்றம்தான் பெரும்பாலும். செங்கமாரி வரை போவது அரிது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். "அப்ப 800க்குக் கீழே எடுத்தால் சரிதானே" என்ற எண்ணம்தான் அடுத்து வரும். அது சரியில்லை. கடுமையான பாதிப்பு வந்தவர்களில் அளவாக எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கு உடம்பின் ஒரு பிறவிச் சாயல் காரணம் போலத் தெரிகிறது. அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பல வைத்தியசாலைகள் சேர்ந்து பதிவு செய்கின்றன. அங்கே கிறீன் ரீ சாற்றால் ஈரல் கெட்டவர்களின் மரபணுவைப் பார்த்தபோது, பத்தில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே நோயெதிர்ப்பு மரபணு வகை இருந்தது. பொதுச் சனத்தில் அது ஒன்பது பேரில் ஒருவர் அளவில்தான் இருந்தது. ஆக, உடம்பின் காவற்படை அந்தச் சாற்றை எதிரியாகப் பிடித்துக்கொண்டு ஈரலையும் சேர்த்து அடிக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கப்சூல் ஒன்றும் செய்வதில்லை. அதனால் மரபணுவைச் சோதித்துவிட்டுக் கப்சூல் எடுப்போம் என்று யாரும் புறப்படத் தேவையில்லை. உங்களுக்கு இது வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதே இதில் தெரிந்துகொள்ள வேண்டியது.

நான் பார்த்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். ஐம்பதைத் தாண்டிய பெண். கண் மஞ்சள், சலம் கறுப்பு, ஐந்து நாளாகச் சாப்பாடு இல்லை என்று வந்தா. ஏஎல்ரி 1,800க்கு மேல், பிலிரூபின் 9, ஐஎன்ஆர் 1.4. குடிப்பழக்கம் இல்லை. ஈரல் அழற்சி தரும் ஏ, பி, சி, ஈ வைரசு எதுவும் இல்லை. ஸ்கானில் பித்தக்கல்லும் இல்லை. "என்ன குளிசை எடுக்கிறீங்கள்" என்று மூன்று பேர் மூன்று தரம் கேட்டோம். "ஒண்டும் இல்லை ஐயா" என்றுதான் சொன்னா. பொய் சொல்லவில்லை. அவவுக்குக் குளிசை என்றால் டொக்டர் எழுதித் தருவது. மகள் லண்டனில் இருந்து அனுப்பியது "ரீ".

அடுத்தநாள் மகளோடு தொலைபேசியில் பேசும்போதுதான் கப்சூல் கதை வெளியே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஏழெட்டு மாதத்துக்கு முன்னும் இப்படிக் கண் கொஞ்சம் மஞ்சளாகி, பரியாரியாரிடம் போய்க் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்து, உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் தள்ளிப் பத்தியம் இருந்திருக்கிறா. பத்தியம் என்பதால் கப்சூலையும் நிறுத்தியிருக்கிறா. ஒரு மாதத்தில் சுகம். பெருமை முழுக்கக் கீழ்க்காய்நெல்லிக்குப் போய்விட்டது. உடம்பு தேறிச் சில மாதம் போனதும் பழையபடி கப்சூல். இரண்டாவது தரம் வந்தது ஆறு கிழமையிலேயே, முதல் தரத்தைவிடக் கடுமையாகவும்.

நிறுத்தினால் இறங்கி, திரும்பப் போட்டதும் ஏறுவதைவிட வலுவான சான்று எங்களுக்குக் கிடைப்பது அரிது. வேண்டுமென்று யாருக்கும் அதைச் செய்து பார்க்கவும் முடியாது. உலகெங்கும் பதிவான கிறீன் ரீ சாற்று நோயாளர்களிலும் இப்படித் தெரியாமல் திரும்பத் தொடங்கி, இரண்டாம் தரம் பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் ஐஎன்ஆர் மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கியது. ஏஎல்ரி ஒவ்வொரு கிழமையும் பாதிக்குப் பாதியாகக் குறைந்தது. மஞ்சள் முழுக்கப் போக இரண்டு மாதம் எடுத்தது. மருந்தென்று பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. கப்சூலை எடுத்துவிட்டதுதான் வைத்தியம். கீழ்க்காய்நெல்லியோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் செங்கமாரி வந்தால் இரத்தம் சோதிக்காமல் அரைத்துக் குடிக்கத் தொடங்குவதில் ஒரு கெடுதல் இருக்கிறது. காரணம் மறைந்துபோய்விடும்.

உங்கள் விஷயத்தில் காரணம் மறைய இன்னொரு வழியும் இருக்கிறது, அது அற்றோவாஸ்ரற்றின். ஏஎல்ரி ஏறியிருந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் அதன்மேல்தான் போகும், ஸ்ரற்றின் ஈரலுக்குக் கூடாது என்று ஊர் முழுக்கக் கேள்வி. அந்தக் குளிசையை மட்டும் நிறுத்திவிட்டுக் கப்சூலைத் தொடர்ந்து விழுங்கினவர்களைக் கண்டிருக்கிறேன். எவ்வளவு காலமாக அற்றோவாஸ்ரற்றின் எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வருடக்கணக்காக எடுத்து, முன்பு செய்த பரிசோதனைகள் சரியாக இருந்தால், இரண்டு மாதத்துக்கு முன் புதிதாக வந்ததன்மேல்தான் சந்தேகம் கூட. பழைய ரிப்போட்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். ஸ்ரற்றினைத் தொடர்வதா, கொஞ்சநாள் விடுவதா என்பதை நாளை வரும் ஏஎல்ரியைப் பார்த்து உங்கள் வைத்தியர் தீர்மானிக்கட்டும், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். முடிவு வரும்வரை தலையிடி, காய்ச்சல் என்று பனடோலையும் கணக்கில்லாமல் போடாதீர்கள். ஈரல் ஏற்கெனவே நொந்திருந்தால் அதற்கு அது கூடுதல் சுமை.

சரி, இனி உங்கள் வீட்டுக்காரரின் கட்டளை. அவர் சொன்னதில் பாதி சரி. கப்சூலைப் பற்றிய பயம் நியாயமானது. கோப்பையைப் பற்றிய பயம் தேவைக்கு மேலானது. ஊறவைத்த ரீயை மட்டும் குடித்து ஈரல் பாதிப்பு வந்ததாகவும் அங்கொன்று இங்கொன்றாகப் பதிவு உண்டு. ஆனால் சீனாவிலும் ஜப்பானிலும் எத்தனை கோடிப் பேர் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தப் பதிவுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஐரோப்பாவில் கிறீன் ரீ குடிப்பவர்களுக்கு அதில் இருந்து நாளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் ஈஜிசிஜி 90 தொடக்கம் 300 மில்லிகிராம் வரைதான். அதுவும் நாள் முழுக்கப் பிரிந்து, இடையில் பாணும் பிஸ்கற்றும் சோறும் சேர்ந்து உள்ளே போகிறது. உங்கள் இரண்டு மூன்று கோப்பையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

ஆனாலும் நாளைய முடிவு வரும்வரை கிறீன் ரீயையும் தள்ளிவையுங்கள். ரீ கூடாது என்பதற்காக இல்லை. ஈரல் நொந்திருக்கும்போது அதே பொருளைச் சின்ன அளவிலும் கொடுக்க வேண்டாம் என்பதற்காக. ஏஎல்ரி சரியாக இருந்தால் அடுத்தநாளே பழையபடி குடிக்கலாம். ஏறியிருந்தால், முழுக்க இறங்கிய பிறகு உங்கள் வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். என்னுடைய சொந்த அபிப்பிராயம், கப்சூலால் ஒருதரம் செங்கமாரி வந்த ஆள் கிறீன் ரீயையே விட்டுவிடுவது நல்லது. விட்டால் நட்டம் ஒன்றும் இல்லை. அதுவரை வாய் கேட்டால் வழக்கமான தேத்தண்ணி குடியுங்கள். கறுப்புத் தேயிலையைத் தயாரிக்கும்போதே கற்றெக்கின் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடும், ஈஜிசிஜி கொஞ்சம்தான் மிஞ்சும். மச்சா என்று இப்போது கடைகளில் வரும் பச்சைத் தூள் மட்டும் வேறு கதை. அதில் ஊறவைத்து வடிப்பதில்லை, இலையையே விழுங்குகிறோம். அதை ரீ என்று நினைத்து நாலைந்து கரண்டி கலக்க வேண்டாம்.

ஏஎல்ரி சரியாக வந்தால் கப்சூலைத் திரும்பத் தொடங்கலாமா என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் இப்போதே சொல்கிறேன்: வேண்டாம். கிறீன் ரீ தயாரிப்புகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், நிறை குறைவது மிகச் சிறிது, உடல்நலத்துக்கு அதனால் பிரயோசனம் இல்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். கிடைப்பது அவ்வளவுதான் என்றால், அரிதான ஆபத்தையும் ஏன் வாங்க வேண்டும்? 2003இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் எக்சோலீஸ் என்ற மெலியும் கப்சூல் சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது இதே ஈரல் பாதிப்பால்தான். அதுவும் கிறீன் ரீ சாறு. தண்ணீரில் ஊறவைக்காமல் மதுசாரத்தில் எடுத்த, செறிவு கூடிய சாறு. நீங்கள் இரண்டு மாதமாக மெலிந்திருந்தால், ஓங்காளத்தில் சாப்பிடாமல் விட்டதும் ஒருநேரச் சாப்பாடும்தான் அதற்குக் காரணமாக இருக்கும்.

வீட்டில் வேறு யாராவது ஜிம்முக்குப் போய்க் கொழுப்புக் கரைக்கும் கப்சூல் என்று எதையாவது எடுத்தால், அந்த லேபலையும் பாருங்கள். கிறீன் ரீ என்று பெரிதாகப் போட்டிருக்காது. கமேலியா சினென்சிஸ் என்று தாவரவியல் பெயரில் சின்ன எழுத்தில் இருக்கும். சிலதில் கலவை என்று மொத்தமாகப் போட்டுவிட்டு எது எவ்வளவு என்றே சொல்லியிருக்காது. ஈஜிசிஜி அளவு எழுதாத போத்தலுக்கு உங்களுக்குச் செய்த கணக்கையும் செய்ய முடியாது, அதைத் திறக்காமல் விடுவதே நல்லது.

கடைசியாக, மச்சாள். தான் எடுக்காததை உங்களுக்குத் தந்திருக்க மாட்டா என்று நினைக்கிறேன். கனடா சுகாதாரத் திணைக்களம் 2017இல் இதை மீளாய்வு செய்து, கிறீன் ரீ சாற்றுக்கும் அரிதான, முன்கூட்டிச் சொல்ல முடியாத ஈரல் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லி, லேபல் எச்சரிக்கையை இறுக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022இல் வந்த சட்டப்படி, இப்படியான கப்சூலில் நாளுக்குரிய அளவு 800 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெறுவயிற்றில் எடுக்கக்கூடாது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் எடுக்கக்கூடாது, அதே நாளில் வேறு கிறீன் ரீ தயாரிப்பையும் சேர்க்கக்கூடாது என்று போத்தலில் எழுதவும் வேண்டும். இன்றைக்கு இரவே மச்சாளுக்கு எடுத்து, நாளுக்கு எத்தனை போடுகிறா, எப்போது போடுகிறா என்று கேளுங்கள். அங்கே குடும்ப வைத்தியரிடம் போத்தலைக் காட்டி ஒருதரம் ஏஎல்ரி பார்க்கச் சொல்லுங்கள்.